முகவரியில் யார் பெயர்?

சென்னை கொளத்தூரில், அகரம் ஜெகநாதன் தெருவில், 2024 நவம்பர் 4 அன்று 'முதல்வர் படைப்பகம்' திறக்கப்பட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டில் இளம் தொழில்முனைவோருக்கான எந்த இடத்தைப் பற்றிப் பேசினாலும் அதுவே முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. கீழே கோ-ஒர்க்கிங் மேசைகள், மேலே படிப்பவர்களுக்கான கூடம், குறைந்த கட்டணம் என்ற அமைப்போடு, பெயரும் சேர்ந்தே பரவுகிறது. சென்னையின் வேறு பகுதிகளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. நாகர்கோவில் போன்ற நடுத்தர ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், முதலில் எழுத்தில் ஏறுவது பெயராகவே இருக்கும். 'பெயரில் என்ன இருக்கிறது, இடம் நன்றாக நடந்தால் போதாதா' என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். அந்தச் சமாதானம் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு பூங்காவுக்கோ பேருந்து நிலையத்துக்கோ அது பொருந்தலாம். உள்ளே இருந்து பத்து இருபது சிறு நிறுவனங்கள் வியாபாரம் செய்யப்போகும் கட்டடத்துக்குப் பொருந்தாது.

நல்லவற்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு 100 ரூபாய், அரை நாளுக்கு 50 ரூபாய் என்று கொளத்தூரில் நிர்ணயித்த கட்டணம், வீட்டில் தனி அறை இல்லாத இளைஞனுக்கு மேசையும் மின்சாரமும் இணையமும் தரும் கட்டணம். தனியார் இடங்கள் அந்த விலைக்குத் தருவதில்லை. 'படைப்பகம்' என்ற சொல்லும் நல்ல சொல். வாயில் எளிதாக வருகிறது, பலகையில் அழகாக நிற்கிறது, 'ஹப்', 'நெஸ்ட்', 'ஸ்பேஸ்' என்று ஆங்கிலத்தில் முடியும் பெயர்களைவிடத் தமிழ் வாசகனுக்கு நெருக்கமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மேசை எடுத்து வேலை பார்த்துவிட்டு மாலையில் எழுந்து போகிறவருக்கு அந்தக் கட்டடத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் கொளத்தூர் மையத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் என் எதிர்ப்புக்கு அதிக வேலை இல்லை. அதே பெயர்வைக்கும் பழக்கம், நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் தங்கி வளரும் இன்குபேஷன் மையத்துக்கு, அதிலும் ஊருக்கு ஒன்றே ஒன்றாக இருக்கப்போகும் மையத்துக்கு எடுத்துச் செல்லப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இன்குபேஷன் மையம் தன்னிடம் தங்குபவர்களுக்குத் தரும் முதல் பொருள் மேசை அல்ல, முகவரி. நாகர்கோவிலில் இருவர் சேர்ந்து ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். நிறுவனத்தைப் பதிவு செய்யும்போது பதிவு அலுவலகம் எது என்று காட்ட வேண்டும். வீட்டு முகவரியைக் கொடுக்க வீட்டு உரிமையாளர் சம்மதிப்பதில்லை, வாடிக்கையாளரும் அதை மதிப்பதில்லை. ஆகவே மையத்தின் முகவரியைக் கொடுக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி அந்தப் பெயரையும் முகவரியையும் அலுவலகத்துக்கு வெளியே பலகையில் எழுத வேண்டும், அந்த வட்டாரத்தின் மொழியிலும் எழுத வேண்டும். கடிதத் தாளிலும் பில்லிலும் அச்சடிக்க வேண்டும். அடுத்து ஜி.எஸ்.டி. பதிவு. அங்கே வாடகை ஒப்பந்தமோ சம்மதக் கடிதமோ, அதோடு கட்டடத்தின் மின்கட்டண ரசீதும் கேட்பார்கள். பதிவு கிடைத்ததும் சான்றிதழை உள்ளே எல்லோரும் பார்க்கும் இடத்திலும், எண்ணை நுழைவாயில் பெயர்ப்பலகையிலும் வைக்க வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு, உத்யம் சான்று, திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பும் முதல் பில். இவை எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயருக்கு நேர் கீழே இரண்டாவது வரியாக நிற்பது மையத்தின் பெயர். அந்த இருவரும் தேர்ந்தெடுக்காத, மாற்ற முடியாத, ஆனால் தங்கள் பெயரோடு சேர்த்துச் சுமக்க வேண்டிய வரி அது.

பெயர் வைப்பவர்கள் இதை நினைப்பதே இல்லை. அவர்கள் கண்முன் இருப்பது திறப்பு விழா, நுழைவாயில் வளைவு, செய்திக் குறிப்பு. பெயர் ஒரு நாள் மேடையில் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் யாரோ அதைப் பில்லில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் வகைப் பயன்பாட்டுக்கு வைக்கப்பட்ட பெயர் இரண்டாவது வகைப் பயன்பாட்டுக்குத் தகுதியானதா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு அரசியலில் பொதுப்பணத்தில் எழும் கட்டடத்துக்கு ஆட்சியின் முத்திரை வைப்பது எல்லாக் கட்சிகளுக்கும் பழகிப்போன காரியம். 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் முதல், அம்மா குடிநீர், அம்மா மருந்தகம் என்று அந்த வரிசை நீண்டது. அதன் பின் 'முதல்வர்', 'கலைஞர்' என்ற முன்னொட்டுகளோடு வேறொரு வரிசை வந்தது. சாப்பாட்டுக்கோ மருந்துக்கோ வந்து போகிறவர் அந்தப் பெயரைத் தன்னோடு எடுத்துச் செல்வதில்லை. மையத்தில் தங்கும் நிறுவனம் எடுத்துச் செல்கிறது. இரண்டையும் ஒரே பழக்கத்தில் சேர்த்துவிட்டது பெரிய பிழை.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்று பார்த்தால் இதன் கனம் தெரியும். 2020 டிசம்பரில் தொடங்கிய அம்மா மினி கிளினிக்குகள், ஆட்சி மாறிய பின், 2022 ஜனவரி அளவில் மூடப்பட்டன. அது தற்காலிகத் திட்டம் என்பது அரசு தந்த விளக்கம். அந்த விளக்கம் சரியென்றே வைத்துக்கொண்டாலும், ஆட்சியின் முத்திரை தாங்கிய பெயரின் ஆயுள் ஆட்சியின் ஆயுளோடு பிணைந்திருக்கிறது என்பது மக்களுக்குப் பழகிய எதிர்பார்ப்பாகிவிட்டது. ஒரு தொழில் மையத்தின் பலகை மாறினால் கட்டடம் அங்கேயேதான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் ஆவணங்களிலும் பழைய பெயர் நிற்கும். பதிவு அலுவலக முகவரியில் மாற்றம் என்றால் 30 நாட்களுக்குள் ஐ.என்.சி.-22 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி.யில் 15 நாட்களுக்குள் திருத்தம் கேட்க வேண்டும். வங்கியில் ஒரு கடிதம், உத்யமில் ஒரு திருத்தம், வாடிக்கையாளர்களின் கணக்குப் பிரிவுகளுக்கு ஆளுக்கொரு மின்னஞ்சல். தெருவும் கதவு எண்ணும் மாறவில்லை, திருத்தம் தேவையில்லை என்று சிலர் விட்டுவிடுவார்கள். அப்போது பலகையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர், மின்ரசீதில் மாநகராட்சி ஆணையர் பெயர் என்று மூன்று கிடக்கும். நேரில் சரிபார்க்க வரும் அலுவலர் விளக்கம் கேட்டால் ஏழு வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும். இருவர் மட்டுமே இருக்கும் நிறுவனத்தில் அந்தப் பதிலை எழுதப்போகிறவரும் நிரல் எழுதுகிறவரும் ஒரே ஆள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. 'முதல்வர்' என்பது ஒருவரின் பெயர் அல்ல, பதவியின் பெயர். யார் வந்தாலும் அது பொருந்தும், ஆகவே மாற்ற வேண்டிய தேவையே வராது என்று சொல்லலாம். அம்மா என்ற முன்னொட்டைவிட இது மேலானது என்பதை ஏற்கிறேன். ஆனால் பதவியின் பெயரும் முகவரியில் ஒரு செய்தியைச் சொல்கிறது. இந்த நிறுவனம் அரசுத் திட்டம் ஒன்றின் பயனாளி என்பதே அந்தச் செய்தி. கொச்சியிலோ பெங்களூரிலோ இருந்து பில்லைப் பார்க்கிறவர், தான் ஒரு சுயமான வியாபாரியிடம் வாங்குகிறோமா, மானியத்தில் நடக்கும் பயிற்சி நிலையத்திடம் வாங்குகிறோமா என்று ஒரு கணம் யோசிப்பார். விலை பேசும்போது அந்தக் கணம் எதிராக வேலை செய்யும். அரசு உதவியைப் பெறுவதில் குறையேதும் இல்லை. அதை ஒவ்வொரு பில்லிலும் அறிவித்துக்கொண்டிருக்க வேண்டிய கடமை அந்த இளைஞருக்கு எப்படி வந்தது என்பதே கேள்வி.

இன்னொரு மறுப்பு சட்டத்தின் பக்கமிருந்து வருகிறது. 'உங்களுடன் ஸ்டாலின்' திட்டம் தொடர்பான வழக்கில், வாழும் அரசியல் தலைவர்களின் பெயரைப் புதிய திட்டங்களுக்கு வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 31 அன்று இடைக்கால உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, வழக்குத் தொடுத்தவருக்கு 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. நாடு முழுவதும் தலைவர்கள் பெயரில் திட்டங்கள் இருக்கும்போது ஒரு கட்சியின் திட்டத்தை மட்டும் எதிர்ப்பது ஏன் என்ற நீதிமன்றத்தின் கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, பெயர்வைப்பு குறித்த விவாதமே முடிந்துவிட்டது என்று வாதிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வைக்கலாமா என்பதற்கு நீதிமன்றம் பதில் சொல்லும். வைத்தால் உள்ளே இருப்பவனுக்கு என்ன செலவு என்பதற்கு அது பதில் சொல்லாது, சொல்ல வேண்டிய இடமும் அது அல்ல.

ஆளின் பெயர் தாங்கிய நிறுவனங்கள் நாகர்கோவிலிலேயே நூறாண்டைத் தாண்டி நிற்கின்றனவே என்று கேட்கலாம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி நன்கொடையாளர் ஒருவரின் பெயரைத் தாங்கியது, யாருக்கும் அதனால் இடைஞ்சல் வந்ததில்லை. அண்ணா பேருந்து நிலையத்தை ஊரார் அண்ணா பஸ் ஸ்டாண்ட் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதே ஊரில் வடசேரியில் இருக்கும் நிலையத்துக்குக் கிறிஸ்டோபர் என்று பெயர். கேட்டால் 'வடசேரி பஸ் ஸ்டாண்ட்' என்றுதான் பதில் வரும். திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயரின் பெயரால் அமைந்த பூங்கா ஊரார் வாயில் வேப்பமூடு பார்க்தான். தலைவர் பெயர் சில இடங்களில் ஒட்டுகிறது, சில இடங்களில் உதிர்ந்துவிடுகிறது, எது ஒட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பூங்காவுக்கு அதனால் நட்டமில்லை. பெயர் இரண்டாகப் பிரிந்த கட்டடத்தில் அலுவலகம் வைத்திருப்பவருக்கு நட்டம். கூரியர் கொண்டுவருபவர் ஒரு பெயரைத் தேடுகிறார், ஆட்டோக்காரர் வேறொன்றைச் சொல்கிறார், வரைபடத்தில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் இருக்கிறது. சென்னை கிண்டியில் 1958இல் அமைந்த தொழிற்பேட்டைக்குத் திரு.வி.க. பெயர் உண்டு. தொழிலாளர் இயக்கத்துக்கு அவர் செய்ததை நினைத்தால் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் அங்குள்ள நிறுவனங்களின் முகவரிகளைப் பாருங்கள். ஒன்றில் திரு.வி.க. எஸ்டேட், இன்னொன்றில் கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், மற்றொன்றில் சிட்கோ, சிலவற்றில் ஈக்காட்டுத்தாங்கல். பேச்சில் எல்லோருக்கும் அது கிண்டி எஸ்டேட்தான். அவ்வளவு பொருத்தமான பெயருக்கே இந்தக் கதி என்றால், விழா மேடைக்காகத் தேர்ந்தெடுத்த பெயருக்கு என்ன ஆகும்?

அப்படியானால் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளலாமா? தனியார் கோ-ஒர்க்கிங் இடங்கள் அந்தப் பக்கம் போகின்றன. அவர்கள் பணம், அவர்கள் விருப்பம். அவர்களுக்கும் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு, அதற்கு மேல் அவர்களைக் கேட்க ஒன்றுமில்லை. அரசு பக்கத்தில் இருப்பது வேறு வழக்கம், எழுத்துகளைக் கோத்துப் பெயர் செய்வது. டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து 'டைடல்' ஆனது. 2000இல் தரமணியில் ஒரு பெரிய கட்டடம் எழுந்தபோது அந்தப் பெயர் நன்றாக வேலை செய்தது, ஏனென்றால் அப்படி ஒன்று தமிழ்நாட்டில் அதுவரை இல்லை. இப்போது அதே முத்திரை நியோ டைடல் என்று நடுத்தர ஊர்களுக்கு வருகிறது. 2024 பிப்ரவரியில் திறந்த விழுப்புரம் டைடல், விழுப்புரம் நகரத்தில் இல்லை. வானூர் வட்டத்துத் திருச்சிற்றம்பலத்தில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயரை இடத்தின் பெயராக்கும் இந்தப் பழக்கம் குமரிக்கு வந்தால் விளைவு இன்னும் மோசமாக இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தின் தொழில் வரலாறே எது சரியான பெயர் என்பதற்குச் சாட்சி. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா மால்ட் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னல் தொழிலானது. அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். வெளிநாட்டுக்குப் போன அந்தச் சரக்குக்கு மிஷனின் பெயரோ மால்ட்டின் பெயரோ நிலைக்கவில்லை, நாகர்கோவில் லேஸ் என்றே அறியப்பட்டது. இன்னும் நெருங்கிய உதாரணம் மார்த்தாண்டம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே ஒரு கிராமச் செயல்விளக்க மையம் நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, விளைந்ததைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்பது ஆகியவற்றைச் சிறு விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்த இடம் அது. இன்றைய பேச்சில் சொன்னால் அது ஓர் இன்குபேஷன் மையம்தான், அந்தச் சொல்லைத் தெரியாமலே நடந்த மையம். அங்கிருந்து வளர்ந்த தேனீ வளர்ப்போர் 1937இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். சங்கத்தின் பெயரில் இருப்பது மார்த்தாண்டம், ஹாட்ச் அல்ல. கடைக்காரர் 'மார்த்தாண்டம் தேன்' என்று சொன்னால் வாங்குகிறவருக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

அந்தப் பெயர் என்ன செய்தது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். ஒருவர் நல்ல தேன் விற்றால் அந்த நற்பெயரில் ஒரு பங்கு மார்த்தாண்டத்துக்குப் போகிறது. அடுத்த ஆண்டு புதிதாகத் தேனீப் பெட்டி வைக்கும் இன்னொருவர், யாரும் அறியாதவராக இருந்தும், அந்தப் பங்கை எடுத்துப் பயன்படுத்துகிறார். வடசேரிக் கோயில் நகையிலும், தோவாளைப் பூவிலும், ஈத்தாமொழித் தேங்காயிலும் நடந்தது இதுவே. நாகர்கோவில் கோயில் நகைக்கும் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்றால், பெயரில் சேர்ந்திருக்கும் மதிப்பு இடத்துக்கு உரியது என்று சட்டமே ஒப்புக்கொண்டது என்று பொருள். தொழில் மையத்துக்கும் வேண்டியது இந்தச் சேமிப்புத்தான். ஒரு மையத்தில் முதல் ஐந்தாண்டில் இரண்டு நிறுவனங்கள் தேறினால் பெரிது. அந்த இரண்டும் ஈட்டிய நம்பிக்கை முகவரியில் தங்கினால், ஆறாம் ஆண்டில் வரும் முகமறியாத நிறுவனத்துக்கு அது முதலாகும். முகவரியில் தலைவரின் பெயர் இருந்தால் அந்த நம்பிக்கை தலைவருக்குப் போகிறது, திட்டத்தின் முத்திரை இருந்தால் எல்லா ஊர் மையங்களுக்கும் பங்காகி எங்கும் தங்காமல் போகிறது. ஊர்ப்பெயர் இல்லாமலே திருவனந்தபுரத்து டெக்னோபார்க் வளர்ந்ததே என்று கேட்பார்கள். 1990இல் அது இந்தியாவிலேயே முதல். முதலாவதாக வருவதற்கு எந்தப் பெயரும் போதும். நூறாவதாக வரும் மையத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, எந்த ஊர்? இங்கேதான் குமரி மாவட்டத்தின் தனிச் சிக்கல் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர் கன்னியாகுமரி, தலைநகரம் நாகர்கோவில், இரண்டுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர். நாகர்கோவிலில் இருக்கும் மையத்துக்குக் கன்னியாகுமரி என்று வைத்தால் வெளியூர்க்காரர் முக்கடல் முனையில் லாட்ஜுகளுக்கு நடுவே அதைத் தேடுவார். இணையத்தில் தேடினாலும் சூரிய உதயமும் விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும்தான் முன்னால் வரும். ரயில் பயணச்சீட்டிலேயே இரண்டு ஊரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. விழுப்புரத்தில் நடந்தது தூரத்தின் பிழை என்றால், இங்கே தூரத்தோடு சுற்றுலாவும் சேர்ந்துகொள்கிறது. 'நாஞ்சில்' என்று வைக்கலாம் என்பது உள்ளூர்ப் பற்றிலிருந்து எழும் யோசனை, காதுக்கும் இனியது. ஆனால் நாஞ்சில் நாடு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரம். கல்குளத்தையும் விளவங்கோட்டையும் சேர்ந்தவர்கள் தங்களை நாஞ்சில் நாட்டார் என்று சொல்லிக்கொள்வதில்லை. குழித்துறையிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் பையனிடம் 'இது உன் இடம்' என்று சொல்ல வேண்டிய பலகை, நாஞ்சில் என்றதும் பாதி மாவட்டத்துக்கு முதுகு காட்டிவிடும். குமரி என்ற சுருக்கம் யாரையும் விலக்காது. ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏராளமான கடைகளும் சங்கங்களும் இருப்பதால் அது எதையும் அடையாளம் காட்டாது.

ஆகவே இன்னும் சிறிய இடத்துக்கு இறங்க வேண்டும். நாகர்கோவிலுக்குள் மையம் எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதியின் பெயரே போதும். கோணத்தில் தொழிற்பேட்டை இருக்கிறது, பாலிடெக்னிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. ஊரில் யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். கோணத்தில் அமைந்தால் கோணம் என்று தொடங்கட்டும், பார்வதிபுரத்தில் அமைந்தால் பார்வதிபுரம் என்று தொடங்கட்டும். அடுத்த சொல் அங்கே நடக்கும் வேலையைச் சொல்ல வேண்டும், அதையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'காப்பகம்' என்று முடித்தால் ஊரார் மனதில் முதியோர் காப்பகமும் குழந்தைகள் காப்பகமும் வந்து நிற்கும். 'பணிமனை' என்றால் நாகர்கோவிலில் அது ராணித்தோட்டத்துப் பஸ் டிப்போ. 'கூடம்' என்பது பள்ளிக்கும் தறிக்கும் பழகிய சொல், யாரையும் வேறு திசைக்குக் கொண்டுபோகாது. 'கோணம் தொழிற்கூடம், நாகர்கோவில்' என்று எழுதிப் பாருங்கள். விழா மேடைக்கு அது சப்பென்றுதான் இருக்கும். பில்லில் அடித்தால், ஊர் எது, வேலை எது என்று இரண்டும் ஒரே வரியில் தெரிந்துவிடும்.

ஊர்ப்பெயருக்கு எதிராகச் சட்டம் தெரிந்தவர்கள் ஒரு தடை சொல்வார்கள், அது உண்மையான தடை. 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறியீடுகள் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி, பொருளின் வகையையோ அது வரும் இடத்தையோ மட்டும் குறிக்கும் பெயருக்கு எளிதில் குறியீட்டு உரிமை கிடைக்காது. கம்பெனிப் பெயர் விதிகளும் வெறும் நகரப் பெயரையோ மாநிலப் பெயரையோ ஏற்பதில்லை. நாளைக்கு இன்னொருவர் அதே தெருவில் அதே பெயரைச் சற்று மாற்றிப் பலகை வைத்தால் தடுப்பது கடினம். ஆனால் யார் எதைப் பதிவு செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் இந்தத் தடை சுருங்கிவிடும். மையத்தை நடத்தும் சங்கமோ கம்பெனியோ தனக்கென்று எந்தத் தனித்த பெயரை வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளட்டும், குறியீடும் வாங்கட்டும். பலகையிலும் முகவரியிலும் அந்தப் பெயர் வரவேண்டிய கட்டாயம் இல்லை. பிஸ்கட் விற்கிறவருக்குத் தன் பெயர் தனக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களைக் கண்டுபிடிக்க உதவ வேண்டிய மையத்துக்கு அது முதல் தேவை அல்ல. மார்த்தாண்டம் தேனுக்குத் தனியொருவர் சொந்தக்காரராக இருந்திருந்தால், புதிதாகப் பெட்டி வைத்தவருக்கு அந்தப் பெயர் கைக்கு வந்திருக்காது.

பெயர்வைப்பை ஒரு குழுவிடம் விட்டால், போட்டி நடத்தி மக்களிடம் கேட்டால் சரியாகிவிடும் என்ற யோசனையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. போட்டிக்கு வரும் பெயர்கள் எல்லாம் எழுச்சி, சிகரம், சிறகு, விதை என்ற நான்கைந்து சொற்களைச் சுற்றியே வரும். அனுப்புகிறவர்கள் வாழ்த்து எழுதுகிறார்கள், முகவரி எழுதுவதில்லை. கேட்க வேண்டியவர்கள் வேறு. அந்த ஊரில் ஏற்கெனவே ஜி.எஸ்.டி. எண் வைத்துத் தொழில் நடத்தும் சிறு நிறுவனத்தார் நாலு பேர், அவர்களுக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் ஒருவர், பார்சல் கொண்டுவருபவர் ஒருவர். பரிசீலனையில் இருக்கும் பெயரை ஒரு மாதிரிப் பில்லில், நிறுவனத்தின் பெயருக்குக் கீழே, தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்து அவர்கள் முன் வைக்க வேண்டும். தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் மறுமுனையில் இருப்பவர் எழுத்துக்கூட்டாமல் எழுதிக்கொள்கிறாரா, வரைபடத்தில் தேடினால் சரியான தெருவுக்குப் போகிறதா, ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஒரு எழுத்துக்கூட்டல்தான் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். இதில் எந்தத் தலைவருக்கும் அவமதிப்பு இல்லை. திறந்துவைத்தவர் யார், எந்தத் திட்டத்தின் நிதி, எந்த ஆண்டு என்பதையெல்லாம் உள்ளே கல்வெட்டில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் பொறித்துக்கொள்ளலாம். கல்வெட்டு யாருடைய பில்லிலும் அச்சாவதில்லை. கட்டி முடித்த மையங்களில் முன்னொட்டுப் பெயர் ஏற்கெனவே பலகையில் ஏறிவிட்டது என்றால், தங்கவருகிறவர்களோடு செய்யும் ஒப்பந்தத்திலும் சம்மதக் கடிதத்திலும் தெருப்பெயரையும் கதவு எண்ணையும் மட்டும், மின்ரசீதில் இருக்கும் அதே வடிவத்தில், எழுதிக்கொடுப்பதை இப்போதே வழக்கமாக்கிவிடலாம். அதற்கு அரசாணைகூடத் தேவையில்லை, மையத்தின் மேலாளர் கையெழுத்துப் போதும்.